ஒரு படம், இரண்டு மூட்டைகள்

பிஎன்ஜி வகைப் படம் எதை எடுத்துத் திறந்தாலும் முதல் நான்கு பைட்களின் மதிப்பு 137, 80, 78, 71 என்றுதான் இருக்கும். இவற்றில் 80, 78, 71 ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்துகள் `PNG`. ஆனால் 137-க்கு ஆஸ்கி அட்டவணையில் இடமே இல்லை. அது 127-உடன் முடிந்துவிடுகிறது. எழுத்தை மட்டுமே கடத்துவதற்கென்று அமைந்த வழியில் இந்தப் படத்தை அப்படியே அனுப்பினால், போய்ச் சேரும் இடத்தில் அது படமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

இந்தச் சிக்கலை நன்றாக அனுபவித்தவை போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகள். கணினியோடு சீரியல் கேபிளில் இணைந்திருந்த காலத்தில், 4 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் 'வேலை முடிந்தது' என்று அவை எடுத்துக்கொள்ளும். 19 வந்தால் 'கொஞ்சம் நிறுத்து' என்று பொருள். படத்தின் நடுவே தற்செயலாக ஒரு 4 வந்தால் போதும், பாதிப் பக்கத்தோடு அச்சு நின்றுவிடும். அதனால் படங்களைப் பதினாறடிமான எண்களாக எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு எழுத்துகள். அதாவது படத்தின் அளவு இரட்டிப்பாகும்.

இதைவிடச் சிக்கனமானது பேஸ்64. மின்னஞ்சல் இணைப்புகளைச் சுமப்பது இதுதான். மூன்று பைட்களை எடுத்து நான்கு எழுத்துகளாக்கும். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது: மூன்று பைட் என்பது 24 பிட், 64 எழுத்துகளில் ஒன்றைக் குறிக்க 6 பிட் வேண்டும், நான்கு ஆறு இருபத்து நான்கு. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

ஆஸ்கியில் இடைவெளியை விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியும் குறிகள் 94 இருக்கின்றன. அவற்றில் 64-ஐ மட்டும் பயன்படுத்தி மீதியை வீணாக்குவானேன் என்ற எண்ணத்தின் விளைவுதான் ஆஸ்கி85. பால் ரட்டர் என்பவர் யூனிக்ஸுக்காக எழுதிய `btoa` என்ற கருவியில் இந்த முறை இருந்தது. (இன்றைய உலாவிகளிலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது தருவது பேஸ்64!) பின்னர் அடோபி நிறுவனம் இதைப் போஸ்ட்ஸ்கிரிப்டிலும் பிடிஎஃப்பிலும் சேர்த்துக்கொண்டது.

ஏன் சரியாக 85? நான்கு பைட்டில் சுமார் 429 கோடி வேறுபட்ட மதிப்புகள் அடங்கும். ஐந்து எழுத்துகளால் அத்தனையையும் குறிக்க எத்தனை விதமான குறிகள் வேண்டும்? 84 குறிகள் இருந்தால் ஐந்து இடத்தில் சுமார் 418 கோடி சேர்க்கைகள்தான் கிடைக்கும், போதாது. 85 இருந்தால் சுமார் 443 கோடி, போதும். 94 குறிகளையும் பயன்படுத்தினால்கூட நான்கு பைட்டுக்கு ஐந்து எழுத்து தேவைப்படத்தான் செய்யும். ஆகவே அதற்கு மேல் சேர்ப்பதில் பயனில்லை. நான்குக்கு ஐந்து என்றால் கூடுதல் சுமை 25 விழுக்காடு.

நம் படத்தின் முதல் நான்கு பைட்களையே மாற்றிப் பார்ப்போம். நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் 2303741511. இதை 85-ஆல் வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வந்த ஈவை மறுபடியும் 85-ஆல் வகுக்க வேண்டும். மீதிகள் வரிசையாக 26, 81, 21, 11 என்று வந்து, கடைசியில் 44 எஞ்சும். இவற்றைப் பின்னிருந்து முன்னாக 44, 11, 21, 81, 26 என்று எழுதி, ஒவ்வொன்றோடும் 33-ஐக் கூட்டினால் ஆஸ்கி எண் கிடைத்துவிடும். விடை `M,6r;`. அடுத்த நான்கு பைட்களையும் இப்படியே மாற்றினால் `%14!\` வரும். எட்டு பைட் பத்து எழுத்தாகிவிட்டது. பேஸ்64-இல் இதே எட்டும் `iVBORw0KGgo=` என்று பன்னிரண்டு எழுத்தாகும். நான்கு பைட்டும் சுழியாக இருந்தால் ஆஸ்கி85-இல் ஐந்து எழுத்துக்குப் பதில் `z` என்ற ஒற்றை எழுத்தே போதும் என்பது ஒரு சின்னச் சலுகை. சுருக்கப்பட்ட படங்களில் அது அரிதாகவே வாய்க்கும்.

முழுக் கோப்பை அளக்க பைத்தானில் நான்கு வரி போதும்.

```
import base64
d = open("padam.png", "rb").read()
print(len(base64.b64encode(d)))
print(len(base64.a85encode(d)))
```

படம் 30,000 பைட் என்றால் முதல் விடை 40,000. இரண்டாவது ஏறத்தாழ 37,500. பேஸ்64-ஐவிட 6.25 விழுக்காடு குறைவு. ஆஸ்கி85-ஐப் பற்றிப் பேசும் இடங்களில் பெரும்பாலும் கணக்கு இத்தோடு நின்றுவிடும். நிற்கக் கூடாது.

மேலே வந்த `%14!\` என்பதன் கடைசிக் குறியைப் பாருங்கள். பின்சாய்வுக் கோடு. இந்த எழுத்துக்கோவையை ஜேசானுக்குள் வைத்தால் அந்தக் கோட்டை இரட்டிப்பாக எழுத வேண்டும். இரட்டை மேற்கோள் குறிக்கும் முன்னால் ஒரு கோடு வேண்டும். 85 குறிகளும் ஏறக்குறையச் சமமாக வரும் என்று கொண்டால், 37,500 எழுத்துகளில் சுமார் 880 கூடுதலாகச் சேரும். அப்போதும் ஆஸ்கி85-க்கு லாபம்தான், ஆனால் மெலிந்த லாபம்.

எக்ஸ்எம்எல் கோப்பில் நிலைமை தலைகீழ். அங்கே `<` என்பதை `&lt;` என்றும், `&` என்பதை `&amp;` என்றும் எழுத வேண்டும். இரண்டும் ஆஸ்கி85-இன் எழுத்துத் தொகுதியில் இருக்கின்றன. முதலாவது வரும்போதெல்லாம் மூன்று எழுத்து கூடும், இரண்டாவதுக்கு நான்கு. 37,500-இல் இது சுமார் 3,090 எழுத்து. மொத்தம் 40,590 ஆகி, பேஸ்64-ஐத் தாண்டிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். பேஸ்64 பயன்படுத்தும் குறிகளில் இந்த வம்பு எதுவும் கிடையாது. அது இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு அளவைவிட இந்த அடக்கமே காரணம் என்பேன்.

இணையத்தில் இன்னொரு திருப்பமும் உண்டு. வலைச் சேவையகங்கள் பக்கங்களை ஜிஜிப் முறையில் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அந்தச் சுருக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் முழு எண்ணிக்கையில்தான் பிட்களை ஒதுக்க முடியும். 64 குறிகளுக்குச் சரியாக 6 பிட். ஆகவே பேஸ்64 எழுத்துகள் சுருங்கி, ஏறக்குறைய மூலப் படத்தின் அளவுக்கே திரும்பிவிடும். 85 குறிகளோ 6-க்கும் 7-க்கும் நடுவில் விழுகின்றன. சிலவற்றுக்கு 6, சிலவற்றுக்கு 7 என்று கொடுத்தால் சராசரி சுமார் 6.5 பிட். ஐந்து எழுத்துக்கு 32.5 பிட் செலவாகிறது, உள்ளே இருப்பதோ 32 பிட்தான். சுருக்கிய பிறகு ஆஸ்கி85 ஒன்றரை விழுக்காடு பெரியதாகவே நிற்கும்.

தவறு கண்டுபிடிப்பது சுலபம். நான்கு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு `s8W-!` என்று எழுதப்படும். அதற்கு மேற்பட்ட ஐந்தெழுத்து வந்தால் தரவு கெட்டிருக்கிறது. ஐந்தெழுத்துக் கூட்டத்தின் நடுவே `z` வந்தாலும் அப்படித்தான். குழப்பம் வருவது எழுத்துத் தொகுதிகள் மாறும்போதுதான். பைத்தானிலேயே `b85encode` என்று இன்னொன்று இருக்கிறது. கணக்கு அதே கணக்கு, குறிகள் வேறு. கிட் தன் இருமப் பேட்ச்களில் பயன்படுத்தும் தொகுதி அதுதான். அதில் நம் படம் `iBL{Q` என்று தொடங்கும். மேற்கோளும் பின்சாய்வும் அதில் இல்லை என்பதால் ஜேசானுக்கு அது ஒத்துவரும்; `<`, `&` இருப்பதால் எக்ஸ்எம்எல்லுக்கு உதவாது.

ஆஸ்கி85 இன்றும் சாதாரணமாகக் கண்ணில் படும் இடம் பிடிஎஃப். ஒரு கோப்பை உரைத் திருத்தியில் திறந்து `/ASCII85Decode` என்று தேடுங்கள். இருந்தால், அந்த உள்ளடக்கம் `~>` என்று முடியும். அதோடு `/FlateDecode` என்பதும் இருந்தால், பெரும்பாலும் `Ga` அல்லது `Gb` என்று தொடங்கும்; சுருக்கத்தின் முதல் இரண்டு பைட்கள் வழக்கமாக ஒரே மாதிரி இருப்பதால் வரும் அடையாளம் அது. பைத்தானில் பிடிஎஃப் தயாரிக்கும் ரிப்போர்ட்லேப் நூலகம் கேட்காமலே இந்த உறையைப் போட்டுவிடும். பிடிஎஃப் இன்று பைட்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்குத் தேவையே இல்லை. `rl_config.useA85 = 0` என்று ஒரு வரி சேர்த்தால், உறை கழன்று, அந்தப் பகுதிகள் ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும்.