உடைந்த ஊசிக்கு யார் பொறுப்பு?

பின்னலாடை ஏற்றுமதித் தொழிற்சாலைகளில், குறிப்பாகக் குழந்தைகளின் உடைகள், பெட்டிக்குள் போகும் முன் மெட்டல் டிடெக்டரைக் கடந்தாக வேண்டும். அப்படி ஒரு சட்டையில் உடைந்த ஊசிமுனை சிக்கியதாக வைத்துக்கொள்ளலாம். அறிக்கையின் ‘திருத்த நடவடிக்கை’ கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: “டெய்லர்கள் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர்.” இதை யார் செய்தார், என்ன மாறியது என்று ஆடிட்டர் கேட்டால் பதில் கிடைக்காது.

அந்தச் சட்டையை ஒதுக்குவதும், உடன் தைத்தவற்றை மறுபடி சோதிப்பதும் அப்போதைய சரிசெய்தல் மட்டுமே. திருத்த நடவடிக்கை காரணத்தைத் தொட வேண்டும். தையலில் ஊசி உடைவது சகஜம். துண்டு கிடைக்காமலே வேலை எப்படித் தொடர்ந்தது என்பதுதான் கேள்வி. விசாரித்தால், டெய்லரின் மேசைப் பெட்டியில் உதிரி ஊசிகள் இருந்தது தெரியவருகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஸ்டோருக்குப் போய் நிற்பது கூலி இழப்பு. அவரே ஊசியை மாற்றிக்கொண்டார். இங்கே அறிவுரையால் ஆவது ஒன்றுமில்லை.

ஆகவே நடவடிக்கையை இப்படி எழுதலாம்: “3ஆம் லைனின் 24 இயந்திரங்களிலும் உள்ள உதிரி ஊசிகளை லைன் சூப்பர்வைசர் 12ஆம் தேதிக்குள் திரும்பப் பெறுவார். அன்று முதல், உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் பெற்றுக்கொண்டு, ஊசிப் பொறுப்பாளர் டெய்லரின் இடத்துக்கே வந்து புது ஊசி தருவார். துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டுவார். ஒரு துண்டு குறைந்தாலும் காந்தத்தால் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அங்குள்ள உடைகள் ஒதுக்கப்படும்.” நிஜ அறிக்கையில் பதவிக்குப் பக்கத்தில் ஆளின் பெயரும் வேண்டும். ‘உற்பத்திப் பிரிவு’ என்று எழுதினால் ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார். பெயர் குறிக்கப்படுபவருக்கு அதைச் செய்யும் அதிகாரமும் இருக்க வேண்டும்; ஸ்டோர் நடைமுறையை மாற்ற சூப்பர்வைசரால் முடியாது.

அளவுகோலில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஊசி உடைவு பூஜ்யம்’ என்று இலக்கு வைத்தால், உடைவதை மறைக்கத்தான் டெய்லர் கற்றுக்கொள்வார். கொடுத்த ஊசிகளும் திரும்பிய ஊசிகளும் தினமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே சரி. முதல் சில வாரங்களில் பதிவாகும் உடைவுகள் கூடினால், முறை வேலை செய்கிறது என்று பொருள். டிடெக்டரில் எதுவும் சிக்காததை வெற்றியாக எண்ணும் முன், சோதனை அட்டையை அது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னும் சிக்கல் வராத மற்ற லைன்களில் இதே முறையைக் கொண்டுவருவதும், கனத்த தையலுக்கு ஏற்ற எண் ஊசியை முன்கூட்டியே குறித்துக் கொடுப்பதும் தடுப்பு நடவடிக்கை. ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்குத் தனிப் பிரிவு கிடையாது. இடர்களை முன்னரே எண்ணித் திட்டமிடுவதில் இது கலந்துவிட்டது. ஆனாலும் இதற்கும் பெயரும் தேதியும் தேவை.

அறிக்கையை மூடுபவர் அதை எழுதியவராக இருக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து, வேறொருவர் சொல்லாமல் போய் நான்கைந்து மேசைப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். உதிரி ஊசி ஒன்று இருந்தாலும் அறிக்கை திறந்தே இருக்கும்.