ஆம்ப்ளிஃபயர் பாடாமல் இருக்க

1930-களின் தொலைபேசிப் பொறியாளர்கள், யாரும் பேசாமலே ஒலியெழுப்பும் ஆம்ப்ளிஃபயரைப் ‘பாடுகிறது’ என்பார்கள். வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே வருவதிலிருந்து கழித்தால் ஒலி சுத்தமாகும், அதுதான் பின்னூட்டம். ஆனால் சிக்னல் சுற்றி வருவதற்குள் பின்தங்கிவிடும். அரைச் சுற்று, அதாவது 180 டிகிரி பின்தங்கினால் மேடு இருந்த இடத்தில் பள்ளம் வந்து, கழித்தல் கூட்டலாகிவிடும். அப்போது அதன் வலுவும் குறையாதிருந்தால் ஆம்ப்ளிஃபயர் பாடத் தொடங்கும்.

அந்த ஆபத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைத் தாளில் காட்டுவது, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹென்ட்ரிக் போடேயின் பெயர் கொண்ட வரைபடம். பின்னூட்டச் சுற்றை ஓரிடத்தில் துண்டித்து, ஒருமுறை சுற்றிவரும் சிக்னலை அளந்து வரைவது இது. மேல் கோடு கெயின், டெசிபலில்; கீழ்க் கோடு ஃபேஸ், டிகிரியில். இரண்டுக்கும் அதிர்வெண் அச்சு ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே மாதிரியான மூன்று படிகள். ஒவ்வொன்றும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டித் தளரத் தொடங்குகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் மொத்த கெயின் 4, அதாவது 12 டெசிபல்.

முதலில் கீழ்க் கோட்டைப் பாருங்கள். 1732 ஹெர்ட்ஸில் படிக்கு 60 டிகிரி வீதம் −180 டிகிரியைத் தொடுகிறது. அங்கிருந்து நேர் மேலே போனால், ஒவ்வொரு படியும் சிக்னலைப் பாதியாக்கியிருப்பதால் நான்கு எட்டிலொன்றாகி, அரை மிஞ்சுகிறது: −6 டெசிபல். பூஜ்ய டெசிபலுக்கு 6 குறைவு. இதுவே கெயின் மார்ஜின். கெயினை இரண்டு மடங்காக்கினால் பாட்டு தொடங்கிவிடும்.

இப்போது மேல் கோடு. அது பூஜ்ய டெசிபலைக் கடப்பது சுமார் 1233 ஹெர்ட்ஸில். அங்கிருந்து நேர் கீழே போனால் ஃபேஸ் −153 டிகிரி. −180-க்கு இன்னும் 27 டிகிரி இருக்கிறது. அது ஃபேஸ் மார்ஜின். இதைத் தின்ன 61 மைக்ரோவினாடித் தாமதம் போதும்.

இந்த ஆம்ப்ளிஃபயர் பாடாது. ஆனால் நிம்மதியாகவும் இராது. 27 டிகிரி குறைவு என்பதால், பின்னூட்டத்தை இணைத்ததும் 1233 ஹெர்ட்ஸ் சிக்னல் இரு மடங்குக்கு மேல் வீங்கும். திடீர் மாற்றத்துக்குப் பிறகு சிலமுறை ஆடித்தான் அடங்கும். கெயினை 2 ஆகக் குறைத்தால் கெயின் மார்ஜின் 12 டெசிபலாகவும், ஃபேஸ் மார்ஜின் சுமார் 68 டிகிரியாகவும் உயரும், ஆட்டம் அடங்கும். ஆனால் பிழையைத் திருத்தும் வலுவும் பாதியாகும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, சுற்றை இணைத்த பிறகு எடுத்த வரைபடத்தில் இந்த எண்களைத் தேடுவது. அங்கே அவை கிடைக்கா. இன்னொன்று, மேல் கோடு பூஜ்யத்தைப் பலமுறை கடந்தால் ஒரு மார்ஜினை மட்டும் நம்ப முடியாது. அத்தகைய சுற்றுகளுக்கு நைக்விஸ்ட் வரைபடத்தையும் பார்த்தாக வேண்டும்.