கொடியேற்றத் தேதியைக் கடைசியிலிருந்து எண்ணுகிறார்கள்

‘நிகழும் மங்களகரமான குரோதி வருடம் கார்த்திகை மாதம் 28ஆம் நாள் (13.12.2024) வெள்ளிக்கிழமை, கிருத்திகை நட்சத்திரம் கூடிய சுபதினத்தில்…’ என்று தொடங்கும் கடிதம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஓரத்தில் மஞ்சள் தடவி, கீழே ‘இப்படிக்கு, விழாக் குழுச் செயலாளர்’ என்று கையெழுத்துடன் வரும். கொடியேற்றம், தேர், தீர்த்தவாரி, விடையாற்றி என்று வரிசையாகத் தேதிகள் இருக்கும். வாங்கியவர் கொடியேற்றத் தேதியைத்தான் முதலில் தேடுவார். அந்தத் தேதியைக் குறித்தவர்களோ பட்டியலின் மறுமுனையிலிருந்து தொடங்கியிருப்பார்கள்.

ஐப்பசியிலோ அதற்கு முன்போ செயலாளர் வெற்றிலை பாக்குத் தட்டோடு குருக்களிடம் போவார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, திருவிழாவின் உச்ச நாளுக்குரிய நட்சத்திரம் அந்தத் தமிழ் மாதத்தில் என்றைக்கு வருகிறது என்று முதலில் பார்ப்பார். பங்குனியில் உத்திரம், தையில் பூசம், மாசியில் மகம், கார்த்திகையில் கிருத்திகை. அந்த ஒரு நாள் நிலைத்துவிட்டால், பத்து நாள் உற்சவமானால் அதற்கு ஒன்பது நாள் முன்னதாகக் கொடி ஏறும். பந்தக்கால் நடும் நாள் மட்டும் தனி முகூர்த்தம்.

திருவண்ணாமலையின் 2024ஆம் ஆண்டு கார்த்திகை தீபம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மகாதீபம் டிசம்பர் 13. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 4 கொடியேற்றம், ஏழாம் திருநாளான 10ஆம் தேதி தேரோட்டம். அந்த ஆண்டு பலரைக் குழப்பியது வேறொன்று. கார்த்திகை தீபம் என்றாலே பௌர்ணமி என்று பழகியவர்கள் நாள்காட்டியைப் பார்த்தால், பௌர்ணமி 14ஆம் தேதி மாலைதான் தொடங்கியது. தீபம் ஏற்றிய 13ஆம் தேதி திரயோதசி, பிரதோஷ நாள். கோயில் தவறாகக் குறித்துவிட்டதா? இல்லை. அந்தத் தீபம் நட்சத்திரத்தைப் பின்பற்றுகிறது. நிலவு முழுமை அடைவதும் கிருத்திகையில் நிற்பதும் ஒரே நாளில் அமையும் ஆண்டுகள் உண்டு. ஓரிரு நாள் விலகும் ஆண்டுகளும் உண்டு.

நட்சத்திரம் ஒரு நாளில் எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 13ஆம் தேதி விடியும்போது இருந்தது பரணி. அதனால்தான் அன்று அதிகாலை நான்கு மணிக்குச் சந்நிதியில் பரணி தீபம். காலையில் பரணி முடிந்து கிருத்திகை பிறந்தது. மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் மகாதீபம் ஏறியபோது கிருத்திகை நின்றது. சூரிய உதயத்தில் எந்த நட்சத்திரம் இருக்கிறதோ அதுவே அந்த நாளின் நட்சத்திரம் என்று மட்டும் பார்த்திருந்தால் கணக்கு பிசகியிருக்கும். தீபம் அந்திக்குரியது என்பதால் அந்தியில் இருக்கும் நட்சத்திரம் வேண்டும். எந்த விழாவுக்கு எந்தப் பொழுது என்பது கோயிலுக்குக் கோயில், ஆகமத்துக்கு ஆகமம் மாறும். அதே கார்த்திகை தீபத்தைப் பெருமாள் கோயில்களில் வேறொரு நாளில் கொண்டாடுவது இதனால்தான்.

சிறிய கோயில்களில் தவறு நேரும் இடமும் இதுவே. பழைய முறைப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் முடியும் நேரம் நாழிகையில் இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். எண்ணத் தொடங்குவது நள்ளிரவிலிருந்து அல்ல, சூரிய உதயத்திலிருந்து. ‘கிருத்திகை 55 நாழிகை 20 விநாடி’ என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 55 நாழிகை என்பது 22 மணி நேரம். நாழிகைக் கணக்கின் விநாடி 24 நொடி நீளம் என்பதால், 20 விநாடி என்பது 8 நிமிடம். அன்று உதயம் காலை 6.15 என்றால், கிருத்திகை முடிவது மறுநாள் அதிகாலை 4.23. இதைத் தெரியாதவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, முந்தைய நாளையோ பிந்தைய நாளையோ குறித்துவிடலாம். அச்சகத்துக்குப் போகுமுன் தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்கிற செயலாளர் தன் ஊருக்குப் பெரிய உபகாரம் செய்கிறார். சென்ற ஆண்டுக் கடிதத்தில் தேதியை மட்டும் திருத்தி, கிழமையை அப்படியே விட்ட அழைப்பிதழ்கள் இன்றும் வருகின்றன.

இவ்வளவும் கவனமாகச் செய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எந்தப் பஞ்சாங்கம்?

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, காரைக்காலை அடுத்த திருநள்ளாறு தர்ப்பாரண்யேசுவரர் கோயில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இக்கோயில் பின்பற்றுவது வாக்கிய பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்பதே அதன் சாரம். வாக்கியக் கணக்கில் அந்த நாள் 2026 மார்ச் 6. முந்தைய பெயர்ச்சியிலும் இதே கதை: திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, திருநள்ளாற்றில் விழா நடந்ததோ டிசம்பர் 20. இரண்டு முறையும் பதினொரு மாத இடைவெளி.

வாக்கியம் என்பது மனப்பாடத்துக்கென்று சொற்களில் கோத்த பழைய கணக்கு. சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களை வரருசி செய்ததாக மரபு கூறுகிறது. 248 நாள்களில் நிலவு தன் வேக மாற்றத்தில் ஒன்பது சுற்றுகளை முடித்து ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதால் அந்த எண். பாம்புப் பஞ்சாங்கம் இந்த வழியில் வருவது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவைகளைக் கொண்டு கோள்களின் நிலையைக் கணக்கிடுவது.

சனி விஷயத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 8 பாகை வேறுபாடு சேர்ந்திருக்கிறது. ஒரு ராசி 30 பாகை. அதைக் கடக்கச் சனிக்கு இரண்டரை ஆண்டு வேண்டும். நடுவே வக்கிரமாகப் பின்னோக்கியும் போகும். ஆகவே அந்த 8 பாகையே பதினொரு மாதமாக நீள்கிறது. சந்திரனோ ஒரு பாகையை இரண்டு மணி நேரத்துக்குள் தாண்டிவிடும். அதில் வரும் வேறுபாடு சில மணி நேரத்தோடு நின்றுவிடும் என்பதால், பெரும்பாலான ஆண்டுகளில் இரு பஞ்சாங்கமும் திருவிழாவுக்கு ஒரே நாளைத்தான் சொல்லும். நட்சத்திரம் மாறும் நேரம் அந்திக்கோ உதயத்துக்கோ மிக அருகில் விழுகிற ஆண்டில்தான் ஓர் ஊருக்கு இன்றும் பக்கத்து ஊருக்கு நாளையும் ஆகிறது.

அப்படியொரு ஆண்டில் செயலாளரின் தொலைபேசி ஓயாது. வெளியூரில் இருப்பவர்கள் ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். மண்டகப்படிக்காரர்கள் பூவுக்கும் சமையலுக்கும் சொல்ல வேண்டும். தேர் நாளுக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும், தெருவில் மின்கம்பியைக் கழற்ற மின்வாரியத்துக்கு எழுத வேண்டும். விரதம் இருப்பவர்களுக்கோ எந்த நாள் என்பது இன்னும் முக்கியம். ‘காலண்டரில் வேறு தேதி போட்டிருக்கிறதே’ என்று கேட்கிறவருக்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும் என்பதே நியாயம். ‘நமது ஆலய வழக்கப்படி வாக்கிய பஞ்சாங்கத்தை அனுசரித்து’ என்ற அரை வரி, அதன் கீழே நட்சத்திரம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் மணிக்கணக்கில். இரண்டுக்கும் அழைப்பிதழில் தாராளமாக இடம் இருக்கிறது. உபயதாரர் பெயர்ப் பட்டியலை ஒரு வரி மேலே ஏற்றினால் போதும்.