உங்களுக்குத் தெரியுமா? மருந்து சிதையாமலே தோற்ற கதை

பெனிசிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே, 1940-இல், அதைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவில் இருப்பதை ஆபிரகாமும் செயினும் கண்டறிந்தார்கள். பெனிசிலினின் உயிர்நாடி, நான்கு அணுக்களாலான பீட்டா-லாக்டம் வளையம். பீட்டா-லாக்டமேஸ் நொதி அதை நீரால் பிளந்துவிட்டால் மருந்துக்கு வேலையே இல்லை.

சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இப்படித்தான் தப்பியது. இந்த நொதிக்கு மசியாத மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதையும் எதிர்க்கும் கிருமி பிரிட்டனில் பதிவானது. வியப்பு என்னவென்றால், இம்முறை மருந்து சிதையவே இல்லை! செல்சுவரைக் கட்டும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குவதுதான் மருந்தின் வேலை. மெக்-ஏ என்ற மரபணுவைப் பெற்ற கிருமியோ, மருந்து எளிதில் ஒட்டாத பிபிபி-2ஏ என்ற வேறொரு புரதத்தை உண்டாக்கிச் சுவர் வேலையைத் தொடர்கிறது. ஆகவே, நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலத்தை அமாக்ஸிசிலினோடு சேர்த்துக் கொடுத்தாலும் இங்கே பலிப்பதில்லை.

ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்க, கிருமி பூசிய தட்டில் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிட்டின் வில்லையை வைப்பார்கள். மெக்-ஏ மரபணுவை நன்றாகத் தூண்டிவிடும் மருந்து அது. மறுநாள், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம் 21 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், கிருமி எதிர்ப்புத்திறன் பெற்றது என்று முடிவு எழுதுவார்கள்.