இணையக்கடையின் இரு பக்கங்கள்

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் முன்னறையே அதன் கிடங்கு. உரிமையாளரையும் ஓர் உதவியாளரையும் தவிர வேறு பணியாளர் இல்லை. அக்கடையின் தளத்தில் தனியுரிமை அறிவிப்பு, விற்பனை விதிமுறைகள் என இரு பக்கங்கள் இருக்க வேண்டும். ஒன்று வாடிக்கையாளர் தரும் விவரங்கள் என்னவாகும் என்பதைச் சொல்வது. மற்றொன்று சேலைக்கும் பணத்துக்கும் உரிய உடன்பாட்டைச் சொல்வது.

சிறு கடைகள் பலவும் இவ்விரண்டையும் ஏதேனும் ஒரு பெரிய தளத்திலிருந்து படியெடுத்து ஒட்டிவிடுகின்றன. அயல்நாட்டு நீதிமன்றத்தின் பெயர்கூட நீக்கப்படாமல் அவற்றில் எஞ்சி நிற்பதுண்டு. அது நகைப்புக்குரியதே அன்றிப் பெருந்தீங்கன்று. 'உங்கள் விவரங்களை எவருக்கும் தரமாட்டோம்' என்று படியெடுத்த பக்கம் சொல்லும். அன்று மாலையே வாடிக்கையாளரின் முகவரி கூரியர் நிறுவனத்தின் கைக்குப் போகும். கடைக்காரர் பொய் சொல்ல எண்ணவில்லை. ஆயினும் பக்கம் பொய் சொல்லிவிட்டது. தீங்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே, எழுதுகோலை எடுப்பதற்கு முன் ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர வேண்டும். தூத்துக்குடியில் உள்ள ஒருவர் ஒரு சேலையை வாங்குகிறார். பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகிய மூன்றும் கடைக்கு வருகின்றன. பணத்தை அவர் யு.பி.ஐ. வழியாகவோ அட்டை வழியாகவோ செலுத்துகிறார். அட்டை எண்ணைப் பணப்பரிமாற்ற நிறுவனமே பெற்றுக்கொள்கிறது. பணம் வந்தது என்னும் செய்தியும் பரிமாற்ற எண்ணும் மட்டும் கடைக்கு வருகின்றன. பின்னர் அந்த மூன்று விவரங்களும் அச்சாகிப் பொட்டலத்தின்மீது ஒட்டப்படுகின்றன. விற்பனைப் பட்டியலின் படி ஒன்று கணக்கரிடம் போகிறது. இவ்வாறு பின்தொடர்ந்தால் விவரம் செல்லும் இடங்கள் யாவும் ஒரு தாளில் அடங்கிவிடும். படிவம் பிறந்த நாளையும் கேட்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். சேலையை அனுப்பப் பிறந்த நாள் எதற்கு? அறிவிப்பில் அதற்கு விளக்கம் தேடுவதைவிடப் படிவத்திலிருந்து அக்கட்டத்தை நீக்குவதே நேரிய வழி.

இனி மொழிக்கு வருவோம். படியெடுத்த பக்கங்களில் இத்தகைய தொடரைக் காணலாம்: 'தங்களது தரவுகள் முதலியன சேவை மேம்பாட்டின் பொருட்டு வணிகப் பங்காளர்களுடன் பகிரப்படலாம்.' இத்தொடர் கடினமாக இருப்பதற்குச் சொற்கள் மட்டுமே காரணம் அல்ல. 'பகிரப்படலாம்' என்னும் செயப்பாட்டுவினையில் பகிர்பவர் மறைந்துவிடுகிறார். 'லாம்' என்னும் ஈறு, செய்வதா இல்லையா என்பதைச் சொல்லாமல் இரண்டுக்கும் இடம் வைத்துக்கொள்கிறது. 'முதலியன' என்னும் சொல்லோ பட்டியலின் கதவை மூடாமலே விட்டுவிடுகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத தொடர்தான். ஆனால் படிப்பவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. செய்வினையில், எழுவாயை வைத்து, பொருளைப் பெயர் சொல்லி எழுதினால் அதே செய்தி பின்வருமாறு அமையும்:

'சேலையை அனுப்புவதற்காக உங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகிய மூன்றையும் கேட்கிறோம். இவற்றைக் கூரியர் நிறுவனத்துக்குத் தருகிறோம், பொட்டலத்தின்மீதும் ஒட்டுகிறோம். பட்டியலின் படியைக் கணக்கருக்குத் தருகிறோம். உங்கள் அட்டை எண் எங்களிடம் வருவதில்லை. புதிய சேலைகளைப் பற்றிய செய்தியை நீங்கள் கேட்டால் மட்டுமே அனுப்புவோம். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவோம்.'

'நீங்கள் கேட்டவுடன் உங்கள் விவரங்கள் அனைத்தையும் அழித்துவிடுவோம்' என்று சேர்க்கத் தோன்றும். கேட்க இனிமையான வாக்குறுதி, ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையால் இதனைக் காக்க இயலாது. ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது வரிச்சட்டம். 2025 ஏப்ரலில் போட்ட பட்டியலுக்கு அக்கடைசி நாள் 2026 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதங்கள் என்றால் 2032 டிசம்பர் முடிய அப்பட்டியல் இருந்தாக வேண்டும். எனவே, 'பட்டியலை வரிச்சட்டத்துக்காக எட்டு ஆண்டுகள் வரை வைத்திருப்போம். மற்ற விவரங்களை நீங்கள் கேட்டால் அழித்துவிடுவோம்' என்பதே உண்மையான தொடர்.

விதிமுறைப் பக்கத்தில் இடறுமிடம் பொருளைத் திரும்பப் பெறுதல். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்னும் பழைய கடைப்பலகை வாசகம் அப்படியே இணையத்துக்கும் வந்துவிட்டது. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதனை ஏற்பதில்லை. பழுதான பொருளையும், விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்கின்றன அவை.

சுங்குடிக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சேலையில் புள்ளிகள் ஒரே அளவில் அமைவதில்லை. முதல் சில முறை துவைக்கும்போது சாயம் சற்று இறங்குவதும் உண்டு. எது கைத்தொழிலின் இயல்பு, எது பழுது என்று கோடு கிழிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் சச்சரவுதான். அக்கோட்டை இவ்வாறு எழுதலாம்:

'புள்ளிகளின் அளவு சற்று வேறுபடும். முதல் மூன்று முறை சேலையைத் தனியாகத் துவையுங்கள்; சாயம் சிறிது இறங்கும். இவை பழுது அல்ல. சேலை கிழிந்தோ, கறையுடனோ, நீங்கள் கேட்டதற்கு வேறான நிறத்திலோ வந்தால் 7 நாள்களுக்குள் படம் எடுத்து அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் செலவை நாங்கள் ஏற்போம். சேலை எங்களை வந்தடைந்த 5 நாள்களுக்குள் முழுப்பணத்தையும் தருவோம். நிறம் பிடிக்கவில்லை என்றாலும் துவைக்காத சேலையைப் பெற்றுக்கொள்வோம். அப்போது அனுப்பும் செலவு உங்களுடையது.'

இங்குள்ள 7, 5 என்னும் எண்கள் கடைக்காரர் தம் வசதியைப் பார்த்து முடிவு செய்பவை. கையிருப்பு குறைவாக இருந்தால் 10 நாள்கள் என்று எழுதி 8ஆம் நாளில் தருவது நன்று. சாயம் இறங்கும் என்னும் செய்தியை விதிமுறைப் பக்கத்தில் மட்டும் வைப்பது நேர்மையன்று. சேலையின் படத்துக்குக் கீழேயும் அது இருக்க வேண்டும்.

மேற்கூறிய 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், குறைதீர்ப்பவரின் பெயர் ஆகியவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும். முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்றாதலால், சின்னாளபட்டிக் கடை ஆங்கிலத்தில் மட்டும் எழுதி அமைதி கொள்ள இயலாது.

எழுதிய பக்கங்களைக் கடையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் தந்து சில வினாக்களைக் கேட்கலாம். 'உங்கள் கைப்பேசி எண் யார் யாரிடம் போகும்? கிழிந்த சேலை வந்தால் என்று பணம் கிடைக்கும்? குறையை யாரிடம் சொல்வீர்கள்?' விடைக்குரிய தொடரை அவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். 'இங்கே எங்கோ இருந்தது' என்று தேடினால் அத்தொடரைத் திருத்தி எழுத வேண்டும். பக்கத்தின் தலைப்பில் தேதி இருத்தல் நலம். கணக்கர் மாறினால் திருத்தம் வேண்டியதில்லை. பட்டியல் ஒரு கணக்கரிடம் போகிறது என்னும் தொடர் அப்போதும் உண்மையே. ஆனால் விளம்பரச் செய்திகளை அனுப்பும் பணியைப் புதியதொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், முதல் எண்ணைத் தருவதற்கு முன்பே அறிவிப்பை மாற்றி வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.