முகம் மாற்றும் முன் பிக்ஸலை எண்ணுங்கள்

இரண்டு புகைப்படங்களில் உள்ள முகங்களை இடம் மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கோப்பு எத்தனை எம்பி என்பதை அல்ல. முகம் எத்தனை பிக்ஸல் என்பதைத்தான்.

டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரே நிறம். அதுதான் பிக்ஸல். 4000 அகலம், 3000 உயரம் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்ஸல்கள் இருக்கும். போன் விளம்பரங்களில் வரும் 12 மெகாபிக்ஸல் இதுதான். ரெசல்யூஷன் என்று பொதுவாகச் சொல்வதும் இந்த அளவைத்தான். 72, 300 என்று வரும் டிபிஐ எண், அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்ற கணக்கு. அதை மட்டும் மாற்றினால் படம் ஒரு துளிகூடத் தெளிவாகாது.

அந்த 12 மெகாபிக்ஸல் படம் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோ என்று வையுங்கள். அதில் மாமாவின் முகம் 250 பிக்ஸல் அகலம்தான் இருக்கும். மருமகனின் செல்ஃபியும் அதே 12 மெகாபிக்ஸல். ஆனால் முகம் 1000 பிக்ஸல். செல்ஃபி முகத்தை 25 சதவீதமாகச் சுருக்கிக் குரூப் போட்டோவில் வைத்தால் பொருந்திவிடும். மாமா முகத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிச் செல்ஃபியில் வைத்தால் ஒரு பிக்ஸல் இருந்த இடத்தை 16 பிக்ஸல்கள் நிரப்ப வேண்டும். புதியவற்றை மென்பொருள் அக்கம்பக்க நிறத்தைப் பார்த்து ஊகிக்கிறது. தலைமுடி இழை இழையாகத் தெரிய, முகம் மட்டும் மெழுகு பூசியதுபோல் நிற்கும். இதற்கு வழி, செல்ஃபியையே 25 சதவீதமாகக் குறைத்துக்கொள்வது. படம் சிறிதாகும், போனில் பார்க்கப் போதும், சுவரில் மாட்டத்தான் ஆகாது. ஜிம்ப்பில் செவ்வகத் தேர்வுக் கருவியால் முகத்தை வளைத்தால் அகலத்தை அதுவே காட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கியிருக்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது லேயர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. கீழே குரூப் போட்டோ, மேலே செல்ஃபி முகம். மேல் லேயரின் ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கினால் இரண்டு முகங்களும் சேர்ந்து தெரியும். கண்ணுக்குக் கண், வாய்க்கு வாய் பொருத்திவிட்டு மறுபடி 100 ஆக்குங்கள்.

ஓரங்களை அழிக்க ரப்பரைத் தொடாதீர்கள், அழித்தது அழித்ததுதான். மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, ஓரம் மென்மையான பிரஷ்ஷால் முகத்தைச் சுற்றிக் கறுப்பு தீட்டுங்கள். கறுப்பு பட்ட இடம் மறையும். அதிகமாகிவிட்டால் வெள்ளையைத் தீட்ட, மறைந்தது திரும்பி வரும்.

வேலையை ஜிம்ப்பின் .xcf கோப்பாகச் சேமியுங்கள். .jpg ஆக்கியதும் லேயர்கள் ஒன்றாகிவிடும். பிறகு அந்தக் கோப்பிலிருந்து முகத்தை நகர்த்த முடியாது.