ரெஸ்யூமைத் திறக்கும் முன்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஓர் ஆள் தேவை. டிப்ளமோ மெக்கானிக்கல் படிப்பும் இரண்டு வருட அனுபவமும் கேட்டிருக்கிறார்கள். விளம்பரம் வந்த மறுநாள் காலை ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர் மெயிலைத் திறக்கிறார். அவர் கண்ணில் படுவது யாருடைய மதிப்பெண்ணும் அல்ல. ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் வரிகள்தான். அனுப்பியவர் பெயர், மெயிலின் தலைப்பு, அட்டாச்மெண்டின் பெயர் என ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி. ரெஸ்யூம் இன்னும் திறக்கப்படவில்லை, ஆனால் அபிப்பிராயம் உருவாகத் தொடங்கிவிட்டது.

அந்த வரியில் தெரியும் அனுப்புநர் பெயர், மெயில் ஐடி அல்ல என்பது பலருக்குத் தெரியாது. கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த பெயர்தான் அங்கே வரும். பத்தாம் வகுப்பு லீவில் புது போனுக்காகத் தொடங்கிய கணக்கு என்றால் `Thala Veriyan` என்று இருக்கலாம். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான போன் என்றால் `Appa Mobile` என்று இருக்கலாம். இதைச் சரிசெய்யப் புது ஐடி தேவையில்லை. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் `Accounts and Import` பகுதிக்குப் போனால் `Send mail as` என்ற இடத்துக்கு எதிரே `edit info` இருக்கும். அங்கே பெயரை மாற்றினால் போதும்.

ஐடியே விளையாட்டாக இருந்தால்தான் சிக்கல். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் 73 பேரிடம் ரெஸ்யூம்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். விளையாட்டுத்தனமான ஐடி, எழுத்துப்பிழைகளுக்கு இணையாக மதிப்பைக் குறைத்தது. `cute.rowdy` என்று வைத்துக்கொண்டவர் வேலையில் கெட்டிக்காரராக இருக்க முடியாதா? முடியும். இது நியாயமில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி வேறு தடயம் இல்லாதபோது, கையில் இருக்கும் தடயத்தை மனசு பிடித்துக்கொள்கிறது.

பெயரிலேயே ஐடி இருந்தாலும் அது வாசிக்க வசதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு போட்ட ஐடியை வேர்டில் டைப் செய்தால், அது தானாகவே நீல நிற இணைப்பாக மாறி, அடியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் உங்கள் அடிக்கோடு மறைந்துவிடும். காகிதத்தில் பார்த்து டைப் செய்பவர் அதை இடைவெளி என்றோ, ஒன்றுமே இல்லை என்றோ எடுத்துக்கொள்வார். இன்டர்வியூ தேதி சொல்லும் மெயில் வந்து சேராது. சுழியமும் ஓ எழுத்தும் கலந்த ஐடிக்கும் இதே கதிதான். ஜிமெயிலில் ஒரு சௌகரியம் உண்டு: அது ஐடியில் உள்ள புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே `senthilkumarm` என்று நெருக்கியடித்த ஐடி உள்ளவர் ரெஸ்யூமில் `senthilkumar.m` என்று பிரித்து எழுதலாம். மெயில் அதே பெட்டிக்குத்தான் வரும்.

இனி ஃபைல் பெயர். எல்லாவற்றிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காரணம், மெயிலும் ரெஸ்யூமும் கடைசிவரை சேர்ந்து இருப்பதில்லை. ஹெச்.ஆர். ஃபைல்களை ஒவ்வொன்றாக டவுன்லோட் செய்வார். அத்தனை பேரும் `resume.pdf` என்று அனுப்பியிருந்தால், அவர் கம்ப்யூட்டரே `resume (1).pdf`, `resume (2).pdf` என்று எண் போட்டுவிடும். அதில் தேறிய ஏழெட்டை அவர் குவாலிட்டி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளுவார். மேனேஜர் ஷாப் ஃப்ளோரில் நின்றபடி போனில் பார்த்துவிட்டு, "அந்த கேஸ்டிங் கம்பெனியில இருந்த பையனக் கூப்பிடுங்க" என்பார். எந்தப் பையன் என்று கண்டுபிடிக்க மறுபடி எல்லாவற்றையும் திறக்க வேண்டும். உங்கள் மெயிலில் எழுதிய அழகான நாலு வரி இந்த இடத்தில் உதவாது. ஃபைல் தனியாகத்தான் போயிருக்கிறது.

செந்தில்குமார் என்பவர் இதற்கு விண்ணப்பிக்கிறார் என்றால் அவர் ஃபைலின் பெயர் இப்படி இருக்கலாம்:

```
Senthilkumar_M_Quality_Inspector_2yrs.pdf
```

பெயர், பதவி, அனுபவம். அதற்கு மேல் வேண்டாம். இனிஷியலைப் பின்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் வைத்தால் அகரவரிசையில் முருகன், முத்து கூட்டத்துக்குள் போய் நின்றுகொள்ளும். செந்திலைத் தேடுகிறவர் எஸ் வரிசையில்தான் பார்ப்பார். பெயரின் எழுத்துகள் டிப்ளமோ சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். சான்றிதழில் `Senthil Kumar`, ரெஸ்யூமில் `Senthilkumar`, மெயிலில் வெறும் `Senthil` என்றிருந்தால், சேரும்போது ஆவணம் சரிபார்ப்பவருக்கு அது ஒரு கேள்வியாக நிற்கும்.

`final`, `new`, `latest` போன்ற சொற்கள் உங்கள் வீட்டுக் கணக்கு. வெளியே தெரியத் தேவையில்லை. அதைவிட மோசம், போன வாரம் வேறு கம்பெனிக்கு அனுப்பிய ஃபைலை அந்தக் கம்பெனியின் பெயரோடு அப்படியே அனுப்புவது. வாட்ஸ்அப் வழியாக வந்த ஃபைலைச் சேமித்து அனுப்பினால் பெயர் `DOC-` என்று தொடங்கித் தேதியும் எண்ணுமாக மாறியிருக்கக்கூடும். பெயரை மாற்றும்போதும் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசித் துண்டான `.pdf` என்பதை மறைத்தே காட்டும். இல்லை என்று நினைத்து நாமும் ஒன்று சேர்த்தால் `.pdf.pdf` ஆகும். வேர்டு ஃபைலில் அப்படிச் செய்தால் `.pdf.docx`. இப்படி இரட்டை வால் உள்ள ஃபைலைச் சில மெயில் வடிகட்டிகள் வைரஸோ என்று சந்தேகிக்கும்.

பிரவுசிங் சென்டரில் ரெஸ்யூம் அடித்தவர்களும், நண்பனுடைய ஃபைலில் பெயரை மாற்றி எழுதியவர்களும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். வேர்டு ஃபைலுக்குள் தலைப்பு, ஆசிரியர் என்று இரண்டு குறிப்புகள் ஒட்டியிருக்கும். ஃபைல் பெயரை மாற்றினாலும் அவை மாறாது, பி.டி.எஃப். ஆக்கும்போது வழக்கமாகக் கூடவே போகும். ஹெச்.ஆர். அதை குரோமில் திறந்தால், மேலே டேபில் உங்கள் பெயருக்குப் பதில் நண்பனின் பெயர் தெரியும். அடுத்தவன் ரெஸ்யூமைக் காப்பியடித்தவர் என்ற எண்ணம் அங்கேயே விழும். வேர்டில் `File`, பிறகு `Info` போனால் வலப்பக்கம் `Title`, `Author` இரண்டும் இருக்கும். அவற்றைத் திருத்திவிட்டுப் பி.டி.எஃப். ஆக்கினால் சரியாகிவிடும்.

ரெஸ்யூமுக்கு வெளியே இருப்பதுதான் என்றாலும் ட்ரூகாலரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மற்றவர்கள் உங்களை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறார்களோ அது அங்கே வந்து நிற்க வாய்ப்புண்டு. 'செந்தில் கடன் பாக்கி' என்று ஹெச்.ஆர். திரையில் ஒளிர்ந்தால் சிரிப்பார்தான், ஆனால் மறக்கமாட்டார்.

பெரிய கம்பெனிகளின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது இவற்றில் பாதிக்கு வேலை இருக்காது. பெயரையும் அனுபவத்தையும் தனித்தனிக் கட்டங்களில் கேட்டு வாங்கிவிடுவார்கள். ஃபைல் பெயரை யாரும் பார்க்காமலே போகலாம். அங்கேயும் இடைவெளி, அடைப்புக்குறி உள்ள பெயர்களைச் சில தளங்கள் ஏற்பதில்லை என்பதால் அடிக்கோடு போட்ட பெயர் கைகொடுக்கும். மெயிலில் அனுப்புவதாக இருந்தால், முதலில் வீட்டிலோ நண்பர்களிலோ ஒருவருக்கு அனுப்புங்கள். திறக்க வேண்டாம், திரையில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் போனில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து, மேலே டேபில் என்ன பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.